ஒரு தமிழ் எஸ்எம்எஸ்ஸும் அதற்கு எழுதிய மூன்று டிக்கெட்டுகளும்

கேள்வி: கொழும்பில் எட்டுப் பேர் உள்ள ஒரு சொஃப்ட்வெயார் டீமுக்கு லீடாக இருக்கிறேன். நான் எழுதிப் போடும் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும், எடுத்த ஆள் வந்து மூன்று நான்கு கேள்வி கேட்கிறார். என்னிடம் திரும்பி வராமலே வேலையை முடிக்கிற மாதிரி எப்படி எழுதுவது?

பதில்: உங்களிடம் வரும் ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் நீங்கள் எடுக்காமல் விட்ட ஒரு முடிவு இருக்கும். எழுதும்போதே அந்த முடிவை எடுத்துவிட்டால் கேள்வி வராது. தலைப்பு, படிவம், நடை எல்லாம் அதற்குப் பிறகுதான். எனக்கு இது ஒரே ஒரு எஸ்எம்எஸ்ஸால் விளங்கியது. அந்தக் கதையையே முழுதாகச் சொல்கிறேன், உங்களுக்கு வேண்டியது அதற்குள் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன், வீடுகளுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு பார்மசிக்கு நாங்கள் சிஸ்டம் செய்து கொடுத்திருந்தோம். ஓடர் போட்டதும் வாடிக்கையாளர் தெரிவு செய்த மொழியில் ஒரு எஸ்எம்எஸ் போகும். ஒரு மாத முடிவில் பார்மசியின் கணக்காளர் கூப்பிட்டு, தமிழ் ஓடர்களுக்கு மட்டும் எஸ்எம்எஸ் காசு இரண்டு மடங்காக வருகிறது என்றார். சிங்கள வசனம் முதலிலிருந்தே சின்னது, அதில் பிரச்சினை இல்லை. தமிழ் வசனம் நீளம், அதனால் இரண்டு எஸ்எம்எஸ்ஸாக உடைந்து போகிறது. காரணம் எனக்கு அப்போதே தெரியும். உடனே டிக்கெட் போட்டேன்:

> தமிழ் எஸ்எம்எஸ் நீளம் கூட. 70 எழுத்துக்குள் சுருக்கவும்.

இதை விடத் தெளிவாக எப்படி எழுதுவது என்றுதான் நினைத்தேன். எண் கூடப் போட்டிருந்தேனே. டிக்கெட்டை எடுத்தவர் ஒரு சிங்களத் தம்பி, நல்ல கெட்டிக்காரன், ஆனால் தமிழ் வாசிக்கத் தெரியாது. பக்கத்தில் இருந்த தமிழ்ப் பிள்ளையிடம் வசனத்தைக் காட்டி, எத்தனை எழுத்து என்று எண்ணித் தரச் சொன்னார். அவர் இடைவெளி, புள்ளி, இலக்கங்கள் எல்லாம் சேர்த்துக் கவனமாக எண்ணி 68 என்றார். தம்பி, "ஏற்கனவே 70க்குள்தான் இருக்கிறது" என்று எழுதி டிக்கெட்டை மூடிவிட்டார். என்னிடம் ஒரு கேள்வியும் வரவில்லை. அடுத்த மாதமும் பில் அதே மாதிரி வந்தது.

இரண்டு பேருமே பிழை விடவில்லை. அந்த வசனம் இதுதான்:

> வணக்கம். உங்கள் மருந்து ஓடர் 48213 இன்று மாலைக்குள் அனுப்பி வைக்கப்படும். தொகை ரூ. 3,450. நன்றி.

பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி எண்ணினால் இது 68 எழுத்துத்தான். கொழும்பு என்ற சொல்லை நாங்கள் கொ, ழு, ம், பு என்று நான்காக எண்ணுவோம். கணினி அப்படி எண்ணாது. அதற்கு க ஒன்று, ொ இன்னொன்று, மெய்யின் மேலே இருக்கும் புள்ளியும் தனியாக ஒன்று. பிரவுசரின் கொன்சோலில் அடித்துப் பாருங்கள்:

```js
"கொழும்பு".length   // 8
```

எஸ்எம்எஸ் போகும் வழியும் இந்த எண்ணிக்கையைத்தான் பார்க்கிறது. ஒரு எஸ்எம்எஸ்ஸில் 140 பைட்டுக்கு இடம் இருக்கிறது. ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட் போதும் என்பதால் 160 எழுத்து கொள்ளும். தமிழுக்கும் சிங்களத்துக்கும் ஒவ்வொரு குறியீட்டுக்கும் இரண்டு பைட் வேண்டும், ஆகவே 70தான். அதைத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் போகும். துண்டுகளை ஃபோனில் ஒட்டுவதற்கான தகவலுக்கும் இடம் போவதால் ஒரு துண்டில் 67 குறியீடுதான் மிஞ்சும். எங்களுடைய வசனத்தில் 96 குறியீடு இருந்தது. இரண்டு துண்டு, இரண்டு எஸ்எம்எஸ் காசு.

நான் "எழுத்து" என்று எழுதியபோது என் மனதில் இருந்தது குறியீடு. எண்ணியவர் மனதில் இருந்தது உண்மையான எழுத்து. கேள்வி கேட்க அவருக்குக் காரணமே இல்லை, ஏனென்றால் அவருக்கு விளங்கிவிட்டது. வேறு ஒன்றாக விளங்கிவிட்டது, அவ்வளவுதான். அதனால் உங்களுக்கு முதலில் சொல்ல விரும்புவது, கேள்விகளின் எண்ணிக்கையை வைத்து உங்கள் டிக்கெட்டுகளை அளக்காதீர்கள். உங்கள் ஆட்கள் வந்து கேட்கிறார்கள் என்றால் அவர்கள் கவனமாக வாசிக்கிறார்கள். கேளாமலே வேறு வேலையைச் செய்து முடிக்கிற டிக்கெட்தான் ஆபத்தானது. அது ரிவியூவில் தெரியும், அல்லது என் கதையில் போல ஒரு மாதம் கழித்துப் பில்லில் தெரியும்.

இரண்டாவது தடவை கொஞ்சம் விரிவாக எழுதினேன். 70 குறியீடு என்றும், `length` பார்க்கச் சொல்லியும் எழுதினேன். இந்த முறை கேள்விகள் மழையாகக் கொட்டின. "அண்ணா, எந்த மெசேஜ்? ஓடர் போட்டதும் போறதா, டெலிவரிக்குப் புறப்பட்டதும் போறதா?" "வசனத்தை நான் மாத்தலாமா, இல்லாட்டி பார்மசியில கேட்கணுமா?" "டிஸ்கவுண்ட் இருந்தா இன்னொரு வரி சேருதே, அப்ப 70ஐத் தாண்டுதே, என்ன செய்யிறது?" "டெஸ்ட் பண்ண கேட்வே அக்கவுண்ட் யாரிட்ட இருக்கு?" ஒவ்வொரு கேள்விக்கும் நான் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டுக்குப் பார்மசியைக் கேட்க வேண்டியிருந்தது, ஒன்றுக்கு நானே யோசிக்க வேண்டியிருந்தது. அன்றைக்குத்தான் விஷயம் பிடிபட்டது. பதில் எனக்குத் தெரிந்திருந்து எழுத மறந்தேன் என்றில்லை. முடிவெடுக்காமலே டிக்கெட் போட்டிருந்தேன். நான் எடுக்க வேண்டிய முடிவை டிக்கெட்டோடு சேர்த்து அந்தத் தம்பியின் தலையில் கட்டியிருந்தேன்.

அதற்குப் பிறகு எழுதும் முறையை மாற்றினேன். எழுத உட்காரும் முன், அந்த வேலையை நானே செய்யப் போகிறேன் என்று நினைத்து முதல் இருபது நிமிடத்தைச் செலவழிப்பேன். கோட் எழுத மாட்டேன். ஃபைலைத் திறப்பேன், பிரச்சினையை என் கண்ணால் பார்ப்பேன், எங்கே கை நிற்கிறது என்று கவனிப்பேன். கை நிற்கும் இடமெல்லாம் ஒரு கேள்வி. டிஸ்கவுண்ட் வரி டெம்ப்ளேட்டைத் திறந்தவுடனே தெரிந்திருக்கும். நான் திறக்கவில்லை, அதனால் தெரியவில்லை.

மூன்றாவதாக எழுதிய டிக்கெட் கீழே. உண்மையில் எங்கள் டீமில் டிக்கெட் ஆங்கிலத்தில்தான் இருக்கும், மூன்று மொழிக்காரரும் இருக்கிறோம். இங்கே தமிழில் தருகிறேன்.

> ஓடர் உறுதிப்படுத்தும் தமிழ் எஸ்எம்எஸ் இரண்டாக உடைந்து போகிறது, ஒன்றாகப் போக வேண்டும்
>
> ஏன்: மாதம் ஏறக்குறைய 4,000 தமிழ் ஓடர். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எஸ்எம்எஸ் காசு போகிறது. வழமையான ஓடருக்கு ஒன்று மட்டும் போனால் போதும். வசனத்தைச் சின்னதாக்குவது நோக்கம் இல்லை, காசுதான் நோக்கம்.
>
> எங்கே: `templates/order_confirm_ta.txt`. ஓடர் போட்டதும் போகும் செய்தி இது மட்டும்தான்.
>
> இப்போது (ஓடர் 48213): வணக்கம். உங்கள் மருந்து ஓடர் 48213 இன்று மாலைக்குள் அனுப்பி வைக்கப்படும். தொகை ரூ. 3,450. நன்றி.
> `length` 96, கேட்வேயின் அறிக்கையில் 2 துண்டு.
>
> வேண்டியது (அதே ஓடர்): உங்கள் ஓடர் 48213 இன்று அனுப்பப்படும். தொகை ரூ. 3,450. நன்றி.
> `length` 61, 1 துண்டு.
>
> வசனம் முடிவானது. பார்மசி மேனேஜர் இந்தக் கிழமை ஒப்புக்கொண்டார். அப்படியே கொப்பி பண்ணிப் போடவும், திரும்ப டைப் பண்ண வேண்டாம்.
>
> டிஸ்கவுண்ட் உள்ள ஓடர்: "தள்ளுபடி ரூ. 150." என்ற வரி சேர்ந்தால் 79 ஆகும், இரண்டாகப் போகும். அப்படியே போகட்டும், அவை குறைவு. எந்தக் காரணத்துக்காகவும் செய்தியை நடுவில் வெட்ட வேண்டாம், தொகை கடைசியில் இருக்கிறது.
>
> தொடக்கூடாதவை: சிங்கள, ஆங்கில டெம்ப்ளேட்டுகள். இன்றா நாளையா என்று தீர்மானிக்கும் கோட். வரிசையில் ஏற்கனவே காத்திருக்கும் செய்திகள் பழைய வசனத்தில் போகட்டும்.
>
> முடிந்தது என்று எப்படித் தெரியும்: டெஸ்ட் சிஸ்டத்தில் டிஸ்கவுண்ட் இல்லாத ஒரு ஓடர் போட்டால் கேட்வே அறிக்கையில் 1 என்று வர வேண்டும், டிஸ்கவுண்ட் உள்ளதற்கு 2. முதலாவதின் `length` 61க்குப் பதிலாக 62 வந்தால் "தொ" இரண்டாக உடைந்திருக்கிறது, டிக்கெட்டிலிருந்து திரும்பக் கொப்பி பண்ணவும்.
>
> கேட்வே டெஸ்ட் அக்கவுண்ட்: டீமின் பாஸ்வேர்ட் பெட்டகத்தில் `sms-test` என்ற பெயரில் இருக்கிறது. திறக்க அனுமதி இல்லாவிட்டால் சிஸ்டம் அட்மினைக் கேட்கவும், அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இதை எடுத்தவரும் தமிழ் வாசிக்கத் தெரியாத இன்னொருவர்தான். மத்தியானத்துக்கு முன் முடித்துவிட்டார். என்னிடம் வரவில்லை.

நீளத்தால் இது வேலை செய்யவில்லை. இதிலுள்ள சில பகுதிகள் ஏன் இருக்கின்றன என்று சொல்கிறேன்.

எல்லாவற்றிலும் பெறுமதியானது அந்த "இப்போது", "வேண்டியது" இரண்டும். ஒரே ஓடர் இலக்கம், ஒரே தொகை, முன்னும் பின்னும். "சுருக்கமாக இருக்க வேண்டும்", "சரியாகத் தெரிய வேண்டும்", "வேகமாக வர வேண்டும்" போன்ற சொற்களுக்கு ஆளுக்கொரு அர்த்தம். உண்மையான ஓடர் இலக்கத்தோடு ஒரு வசனத்தை அப்படியே போட்டுவிட்டால் அர்த்தம் ஒன்றுதான். என் முதல் டிக்கெட்டில் இந்த இரண்டு வரி மட்டும் இருந்திருந்தால், "எழுத்து" என்ற பிழையான சொல்லோடு கூட வேலை சரியாக முடிந்திருக்கும், ஏனென்றால் போட வேண்டிய வசனம் கையிலேயே இருந்திருக்கும். உங்களுக்கு நேரம் மிகவும் குறைவாக இருக்கும் நாளில் வேறு எதையும் எழுதாவிட்டாலும் இந்த இரண்டையும் எழுதுங்கள். வாடிக்கையாளரின் பெயர், ஃபோன் நம்பர், மருந்தின் பெயர் ஆகியவை மட்டும் டிக்கெட்டுக்குள் வரக்கூடாது. ஓடர் இலக்கம் போதும், பார்க்க அனுமதி உள்ளவர் அதைக் கொண்டு மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்.

அந்த வசனம் கொப்பி பண்ணக்கூடியதாக இருக்க வேண்டும். எங்கள் ஊரில் இதில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். வாடிக்கையாளர் தமிழ் வசனத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புவார், நாங்கள் அந்தப் படத்தையே டிக்கெட்டில் ஒட்டிவிடுவோம். தமிழ் தெரியாத டெவலப்பர் படத்தைப் பார்த்து எப்படி டைப் பண்ணுவார்? இல்லாவிட்டால் பாமினி எழுத்துருவில் அடித்த வேர்ட் ஃபைல் வரும். வேர்டில் பார்க்க அழகான தமிழ், டிக்கெட்டில் ஒட்டினால் "உங்கள்" என்ற சொல் `cq;fs;` என்று நிற்கும். இதை யூனிகோடுக்கு மாற்றி, ஒரு தடவை வாசித்துப் பார்த்துப் போடுவது டிக்கெட் எழுதுகிறவரின் வேலை. மாற்றும்போதுதான் "தொ" போன்ற எழுத்துகள் சில வேளை உடைகின்றன. ொ என்ற ஒரு குறியீட்டுக்குப் பதிலாக ெ, ா என்று இரண்டு வந்து உட்காரும். திரையில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும், எண்ணிக்கையில் மட்டும் ஒன்று கூடும். டிக்கெட்டில் 62 பற்றி எழுதியதற்குக் காரணம் அதுதான்.

அதோடு சேர்ந்ததுதான் முடிந்ததை அறியும் வழி. வேலை செய்கிறவர் தானே பார்த்து, யாரையும் கேட்காமல் "முடிந்தது" என்று சொல்லக்கூடியதாக அது இருக்க வேண்டும். "தமிழ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும்" என்று எழுதினால் தமிழ் தெரியாதவர் கட்டாயம் இன்னொருவரிடம்தான் போவார். 61 என்ற எண்ணையும் அறிக்கையில் 1 என்ற எண்ணையும் யாரும் பார்க்கலாம். கண்ணால் பார்க்கக்கூடிய, எண்ணக்கூடிய, இருக்கிறது இல்லை என்று சொல்லக்கூடிய ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அப்படி ஒன்று கிடைக்கவில்லை என்றால், என்ன வேண்டும் என்று உங்களுக்கே இன்னும் தெளிவில்லை என்று அர்த்தம். அந்த டிக்கெட்டை அன்றைக்குப் போடாதீர்கள்.

"ஏன்" என்ற வரியைப் பலர் மரியாதைக்காகச் சேர்க்கிறார்கள், அல்லது விட்டுவிடுகிறார்கள். நீங்கள் முன்கூட்டி நினைக்காத இடத்தில் எடுத்தவரைக் காப்பாற்றுவது அந்த வரிதான். எவ்வளவு யோசித்து எழுதினாலும் ஏதாவது ஒன்று தப்பும். எனக்கும் தப்பியது. ஓடர் இலக்கம் ஆறு இலக்கமாகும் நாளையும், தொகை லட்சத்தைத் தாண்டும் ஓடரையும் நான் நினைக்கவில்லை. எடுத்தவர் நினைத்தார். ஆறு இலக்க ஓடருக்கும் 123,450 ரூபாய்க்கும் `length` 64 வருகிறது என்று பார்த்து, 70க்குள் நிற்கிறது, காசு கூடாது என்று தானே தீர்மானித்துக் குறிப்பில் எழுதிவிட்டுப் போனார். நோக்கம் காசு என்று எழுதியிருந்தபடியால் அவரால் முடிந்தது. "70க்குள் இருக்க வேண்டும்" என்று மட்டும் எழுதியிருந்தால், டிஸ்கவுண்ட் வரியில் யாராவது செய்தியை 70இல் வெட்டியிருக்கவும் கூடும். தொகை அரைகுறையாக வெட்டுப்பட்ட எஸ்எம்எஸ் வீடு வீடாகப் போயிருக்கும்.

தொடக்கூடாதவற்றையும் அதே காரணத்துக்காகத்தான் எழுதுகிறேன். நல்ல டெவலப்பர் ஒரு ஃபைலைத் திறந்தால் பக்கத்தில் உள்ள அழுக்கையும் துடைக்கத்தான் பார்ப்பார். இன்றா நாளையா என்று தீர்மானிக்கும் கோடில், பிற்பகல் 2 மணிக்குப் பிறகு வரும் ஓடர் நாளைக்கு என்று ஒரு விதி இருந்தது. சர்வர் யூடிசி நேரத்தில் ஓடுகிறது, எங்கள் 2 மணி அதற்குக் காலை 8:30. பார்த்தால் பிழை மாதிரி இருக்கும், ஆனால் சரியாகத்தான் வேலை செய்தது. அதை யாராவது "திருத்தி" இருந்தால் இந்த டிக்கெட் இன்னொரு பிரச்சினையைப் பெற்றிருக்கும். எல்லாவற்றையும் தடுத்து எழுத வேண்டாம். வேலை செய்கிறவரின் கை இயல்பாகப் போகக்கூடிய இரண்டு மூன்று இடத்தை மட்டும் எழுதினால் போதும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்வேன். அந்த வேலையில் சம்பந்தப்படாத ஒருவரிடம் காட்டி, "இதை எடுத்தா முதல்ல என்ன செய்வீங்க?" என்று மட்டும் கேட்பேன். விளங்கியதா என்று கேட்கக்கூடாது, எல்லோரும் விளங்கியது என்றுதான் சொல்வார்கள். முதல் வேலை என்ன என்று கேட்டால் அவர் மனதில் என்ன படம் விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். என் முதல் டிக்கெட்டை இப்படிக் காட்டியிருந்தால், "எழுத்தை எண்ணிப் பார்ப்பேன்" என்ற பதிலிலேயே பிழை வெளியே வந்திருக்கும். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இவ்வளவுக்குப் பிறகும் கேள்வி வரும். வரும்போது பதிலை வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு விடாதீர்கள். டிக்கெட்டுக்குக் கீழே கொமெண்டாகப் போடுவதும் பாதி வேலைதான். பதினான்காவது கொமெண்டில் இருக்கும் முடிவை, அடுத்த கிழமை டிக்கெட்டை எடுக்கும் ஆள் தேடி வாசிக்கப் போவதில்லை. மேலே உள்ள விளக்கத்தையே திருத்துங்கள், பழைய வரி பிழையென்றால் எடுத்துவிடுங்கள். வரும் கேள்விகளை ஒரு பக்கத்தில் குறித்தும் வையுங்கள். நான் இரண்டு மாதம் குறித்து வைத்தேன். பெரும்பாலானவை ஒரு சில வகைக்குள் அடங்கிவிட்டன: அனுமதி யாரிடம், வசனத்தை யார் ஒப்புக்கொள்வது, வழமைக்கு மாறான ஓடருக்கு என்ன செய்வது, ஏற்கனவே உள்ள தரவை என்ன செய்வது. உங்கள் டீமுக்கு வேறு வகைகள் வரலாம். வலையில் கிடைக்கும் பெரிய டெம்ப்ளேட்டுகளை எடுத்து நிரப்புவதை விட, உங்களிடம் கேட்ட கேள்விகளிலிருந்து நீங்களே செய்த நான்கு வரி உதவும். பெரிய படிவத்தில் பாதிப் பெட்டிகளுக்கு "இல்லை" என்று எழுதிப் பழகினால், முக்கியமான பெட்டிக்கும் கை அதையே எழுதிவிடும்.

எல்லா வேலைக்கும் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. பட்டனில் எழுத்துப்பிழை என்றால் எந்தத் திரை, இப்போது என்ன, என்னவாக வேண்டும் என்று ஒரே வரி போதும். அரை நாள் வேலைக்கு இருபது நிமிடம் எழுதலாம், பத்து நிமிட வேலைக்கு இருபது நிமிடம் எழுதக்கூடாது. இருபது நிமிடம் பார்த்தும் எல்லா முடிவும் எடுக்க முடியாத டிக்கெட் பெரும்பாலும் இரண்டு மூன்று வேலை ஒட்டிக்கொண்டிருக்கும் டிக்கெட். பிரித்துப் போடுங்கள்.

காரணமே தெரியாத வேலைக்கு மட்டும் வேறு மாதிரி எழுத வேண்டும், ஏனென்றால் "வேண்டியது" என்ன என்று உங்களால் எழுத முடியாது. அதே பார்மசியில் பிறகு ஒருமுறை, சிலருக்கு எஸ்எம்எஸ்ஸே போகவில்லை என்று முறைப்பாடு வந்தது. அந்த டிக்கெட்டில் திருத்தச் சொல்லி எழுதவில்லை, கண்டுபிடிக்கச் சொல்லித்தான் எழுதினேன். முதல் நாள் போய்ச் சேராத ஒன்பது ஓடரின் இலக்கங்களைப் போட்டேன். ஒரு நாளுக்கு மேல் செலவழிக்க வேண்டாம், நாள் முடிவில் காரணம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பார்த்தவற்றை எழுதவும் என்றேன். பிறகு "நான் பார்த்தது", "நான் நினைக்கிறது" என்று இரண்டாகப் பிரித்தேன். ஒன்பதையும் கேட்வே ஏற்றுக்கொண்டிருக்கிறது, போய்ச் சேர்ந்ததாக அறிக்கை இல்லை என்பது பார்த்தது. தொலைபேசிக் கம்பனிப் பக்கத்துத் தடங்கலாக இருக்கலாம் என்பது நினைத்தது.

எடுத்த தங்கச்சி, நான் நினைத்ததைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, பார்த்ததிலிருந்து தொடங்கினார். ஒன்பது ஓடரின் ஃபோன் நம்பர்களையும் போய்ச் சேர்ந்தவற்றின் நம்பர்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சேர்ந்தவை எல்லாம் 94இல் தொடங்கும் 11 இலக்கம். சேராத ஒன்பதும் 12 இலக்கம். ஓடரை ஃபோனில் எடுத்தவர்கள் 94க்குப் பிறகு 077இல் உள்ள பூச்சியத்தையும் சேர்த்து அடித்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே குறிப்பு வந்துவிட்டது. என் ஊகத்தை ஊகம் என்று எழுதாமல் தலைப்பிலேயே "தொலைபேசிக் கம்பனித் தடங்கல்" என்று போட்டிருந்தால், அன்று முழுக்க அவர் கம்பனியின் உதவி இலக்கத்தில் காத்துக்கொண்டு நின்றிருப்பார்.